"ராயல்டி ஒரு வரி": அந்த ஒரு வாக்கியம் ரேஷியோவா, ஓபிட்டரா?

முல்லை (சட்டம், மூன்றாம் ஆண்டு) | ஜூன் 3, 2025, இரவு 9.40

ஒரு சந்தேகம். வகுப்பில் தீர்ப்பின் முடிவைத் தாங்கும் காரணமான ரேஷியோ கட்டுப்படுத்தும், போகிற போக்கில் சொன்ன ஓபிட்டர் கட்டுப்படுத்தாது என்று சொல்லித் தருகிறார்கள். அடுத்த வாரமே, உச்ச நீதிமன்றம் சொன்னால் ஓபிட்டரையும் உயர் நீதிமன்றங்கள் மதித்தே ஆக வேண்டும் என்கிறார்கள். 1995இல் சர்வன் சிங் லாம்பா வழக்கில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. அரசியலமைப்பின் 141ஆவது உறுப்பும் உச்ச நீதிமன்றம் 'அறிவிக்கும் சட்டம்' எல்லா நீதிமன்றங்களையும் கட்டும் என்கிறது. அப்படியானால் இந்தியாவில் இந்தப் பிரிவினை பரீட்சைக்கு மட்டும்தானே? நிஜ வழக்கில் யாருக்காவது இதனால் ஏதாவது ஆகியிருக்கிறதா?

சட்டப்புலி | ஜூன் 3, இரவு 10.15

சிம்பிள். தீர்ப்புக்கு மேல சுருக்கமா அச்சாகிற ஹெட்நோட்டில் இருப்பது ரேஷியோ, இல்லாதது ஓபிட்டர். பெஞ்சு பெரிசா இருந்தா எல்லாமே ரேஷியோ. ஏழு நீதிபதி உட்கார்ந்து ஒரு வரி எழுதினா அது சட்டம், முடிஞ்சது.

கறுப்புக் கோட்டு | ஜூன் 4, காலை 6.50

முல்லை, உயர் நீதிமன்றத்தில் நின்று பார்த்தால் உங்கள் சந்தேகம் பாதி சரி. அங்கே உச்ச நீதிமன்றம் யோசித்துச் சொன்ன ஒரு வரியை "இது வெறும் ஓபிட்டர்" என்று தள்ளச் சொன்னால் நீதிபதி சிரிப்பார். இந்தப் பிரிவினைக்காக ரத்தம் சிந்துவது உச்ச நீதிமன்றத்துக்கு உள்ளேதான். அங்கே சின்ன பெஞ்சு பெரிய பெஞ்சின் ரேஷியோவை மீற முடியாது. தவறு என்று பட்டால் பெரிய பெஞ்சுக்கு அனுப்பக் கேட்கலாம், அவ்வளவுதான். ஆனால் அது ரேஷியோவே இல்லை என்று காட்டிவிட்டால் தாண்டிப் போகலாம். வேலி எங்கே முடிகிறது என்று அளப்பவனும் தாண்ட நினைப்பவனும் ஒரே ஆளாக இருப்பதுதான் இதில் உள்ள வேடிக்கை.

உதாரணம் நம்ம ஊரிலேயே இருக்கிறது. இந்தியா சிமென்ட் எதிர் தமிழ்நாடு அரசு, 25 அக்டோபர் 1989, ஏழு நீதிபதிகள். 1958ஆம் வருட பஞ்சாயத்துச் சட்டத்தின் 115ஆவது பிரிவில் நிலவரி ரூபாய் ஒன்றுக்கு 45 பைசா உள்ளாட்சி செஸ் என்ற கூடுதல் வரி. 1964இல் ஒரு விளக்கம் சேர்த்து, சுரங்க ராயல்டியும் 'நிலவரி'தான் என்று ஆக்கினார்கள். அதாவது சுண்ணாம்புக்கல் வெட்டுகிற கம்பெனி கட்டும் ராயல்டியின் மேலும் 45 சதவீதம். கம்பெனி எதிர்த்தது, ஜெயித்தது.

தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில், 34ஆவது பத்தியில், ராயல்டி ஒரு வரி, ஆகவே ராயல்டி மீதான செஸ் ராயல்டி மீது போட்ட வரி, அது மாநிலத்தின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டது என்று வருகிறது. இந்த வாக்கியத்தின் முதல் பாதிக்காக 35 வருடம் சண்டை நடந்தது. மீதியை மதியம் எழுதுகிறேன், கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது.

சட்டப்புலி | ஜூன் 4, காலை 8.05

பாருங்க, நான் சொன்னதுதான். ஏழு பேர் சொன்னது.

கறுப்புக் கோட்டு | ஜூன் 4, மதியம் 2.10

புலி, ஹெட்நோட் எழுதுவது நீதிபதி இல்லை, ரிப்போர்ட்டை அச்சடிக்கிற பதிப்பாசிரியர். ஹெட்நோட்டை வாசித்துவிட்டு எதிர்த்தரப்பு வக்கீல் பத்தி எண் கேட்டபோது பக்கத்தைப் புரட்டிக்கொண்டே நின்ற ஜூனியர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். "ஏழு பேர் சொன்னது" என்பதற்கும் பதில் இருக்கிறது. அதே 25 அக்டோபர் 1989 அன்று அதே ஏழு பேர் பெஞ்சு சிந்தெடிக்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் வழக்கில் தீர்ப்பு சொன்னது. தொழிற்சாலை ஆல்கஹால் மீது உ.பி. அரசு விதித்த கட்டணங்கள் பற்றிய வழக்கு அது. போகிற போக்கில், விற்பனை வரியும் போட முடியாது என்று ஒரு வாக்கியம் விழுந்துவிட்டது. 1991இல் அதே கம்பெனி அந்த வாக்கியத்தைக் கையில் வைத்துக்கொண்டு விற்பனை வரி கட்ட மாட்டேன் என்று நின்றது. இரண்டே நீதிபதிகள், தொம்மனும் சகாயும், அந்த வாக்கியத்தை ஒதுக்கினார்கள். விற்பனை வரி அங்கே விவாதிக்கப்படவே இல்லை, காரணம் ஏதும் சொல்லப்படவில்லை, ஆகவே 141ஆவது உறுப்பின்கீழ் அது 'அறிவிக்கப்பட்ட சட்டம்' ஆகாது என்றார்கள். ஏழு பேருடைய வாக்கியம், இரண்டு பேர் தாண்டினார்கள், கம்பெனி தோற்றது. முல்லை கேட்ட "யாருக்காவது ஏதாவது ஆகியிருக்கிறதா" என்பதற்கு இது ஒரு பதில்.

குவாரி செல்வம் | ஜூன் 4, இரவு 8.30

எல்லாருக்கும் வணக்கம். நான் கருங்கல் குவாரி வைத்திருக்கிறேன். ராயல்டி வரி இல்லை என்று போன வருசம் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது என்று பேப்பரில் படித்தேன். எனக்கு சீனியரேஜ், அதாவது எடுத்த கல்லுக்குக் கட்டும் ராயல்டி, பாக்கி என்று கனிமவள ஆபீசில் இருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. வரி இல்லை என்றால் இதை நான் கட்ட வேண்டாம்தானே? எந்தப் பத்தியைக் காட்டினால் விடுவார்கள்?

கறுப்புக் கோட்டு | ஜூன் 4, இரவு 9.20

செல்வம் அண்ணே, நீங்கள் அதைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். வரி இல்லை என்றால் இலவசம் என்று அர்த்தம் இல்லை. 25 ஜூலை 2024 தீர்ப்பு, ஒன்பது நீதிபதிகள், மினரல் ஏரியா டெவலப்மென்ட் அத்தாரிட்டி வழக்கு, 8க்கு 1. ராயல்டி என்பது குத்தகைக்காரர் கனிமம் எடுக்கும் உரிமைக்காக குத்தகை கொடுத்தவருக்கு ஒப்பந்தப்படி தரும் பணம் என்கிறது. ஒப்பந்தப் பணம் என்றால் கட்டித்தான் ஆக வேண்டும். ராயல்டியே வரி என்று இருந்தபோதுதான் "ஏற்கெனவே மத்தியச் சட்டப்படி வரி கட்டுகிறேன், மாநிலம் இன்னொன்று போடாதே" என்று உங்கள் தரப்பு சொல்ல முடிந்தது. இப்போது அந்தக் கேடயம் போய்விட்டது. நோட்டீஸில் அளவு, காலம் தப்பாக இருந்தால் அதற்குத் தனியாக ஆட்சேபணை போடுங்கள். நாள் தள்ளாதீர்கள்.

குவாரி செல்வம் | ஜூன் 4, இரவு 9.41

அப்போ அந்தத் தீர்ப்பை வைத்துத்தான் ஏப்ரலில் கனிம நில வரியைப் புதுசாகக் கொண்டுவந்தார்களா! நாங்கள் குவாரி, கிரஷர் எல்லாம் நிறுத்திப் போராடினோமே. சந்தோசப்பட்டு ஸ்டேட்டஸ் வேறு வைத்தேன் போன வருசம்.

பழைய டைப்பிஸ்ட் | ஜூன் 5, காலை 5.55

நான் வக்கீல் இல்லை. மாவட்ட நீதிமன்றத்தில் ஸ்டெனோவாக இருந்து ரிட்டயர் ஆனவன். அந்த 34ஆவது பத்தி விஷயம் எங்கள் ஆட்களுக்குள் பிரபலம். "ராயல்டி ஒரு வரி" என்பது பிழை, "ராயல்டி மீதான செஸ் ஒரு வரி" என்றுதான் இருந்திருக்க வேண்டும், இரண்டு வார்த்தை விடுபட்டுவிட்டது என்று பின்னால் ஒரு பெஞ்சு சொன்னதே? டிக்டேஷனில் இது சகஜம். ஐயா வேகமாகச் சொல்லிக்கொண்டு போவார், ஒரே சொல் ஒரே வாக்கியத்தில் மூன்று முறை வந்தால் கண் ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவிவிடும். எங்கள் கோர்ட்டில் ஒருமுறை "வாதியின் தகப்பனாரின் பங்கு" என்பதில் தகப்பனார் காணாமல் போய், வாதிக்கு முழுப் பங்கும் கிடைக்கிற மாதிரி டிக்ரி தயாராகிவிட்டது. கையெழுத்துக்கு முன்னால் பிடித்துவிட்டோம். கையெழுத்தான பிறகு என்றால் சிவில் நடைமுறைச் சட்டம் 152ஆவது பிரிவில் மனு போட்டு அதே கோர்ட்டில்தான் திருத்த வேண்டும். பக்கத்து கோர்ட் எப்படித் திருத்தும்? அதுதான் எனக்குப் புரியவில்லை.

கறுப்புக் கோட்டு | ஜூன் 5, இரவு 10.30

ஐயா, நீங்கள் கேட்ட இடம்தான் சரியான இடம்.

எழுத்துப் பிழை வாதம் முதலில் 1995இல் வந்தது, மகாலட்சுமி ஃபேப்ரிக் மில்ஸ் வழக்கில். மூன்று நீதிபதிகள். ஏற்க மறுத்துவிட்டார்கள்; ஏழு பேர் ராயல்டி வரி என்றார்கள், அப்படியே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். 2004 ஜனவரியில் கேசோராம் வழக்கில் ஐந்து நீதிபதிகள். லகோட்டி எழுதினார், மற்ற மூவர் சேர்ந்தார்கள், சின்ஹா மறுத்து எழுதினார். பெரும்பான்மை அதே வாதத்தை ஏற்றுக்கொண்டது. முந்தின பத்தியைப் படியுங்கள் என்றது. அங்கே ராயல்டி வரி அல்ல என்று பல உயர் நீதிமன்றங்கள் சொன்னதை எடுத்துவைத்துவிட்டு, அதில் எதையும் தப்பு என்று சொல்லாமல், அடுத்த பத்தியில் திடீரென்று "இந்தப் பார்வையில் ராயல்டி ஒரு வரி" என்று முடிகிறது. மேலே இருந்து கீழே வாசித்தால் தண்டவாளம் விலகுவது தெரிகிறது. ஆகவே கவனக்குறைவான பிழை என்றார்கள்.

நீங்கள் சொன்ன 152 மாதிரி யாரும் மனு போடவில்லை. ஏழு பேர் தீர்ப்பை ஐந்து பேரால் தள்ளவும் முடியாது. மீதி இருந்த கதவு 'அதன் அர்த்தம் இதுதான்' என்று வாசிப்பது. திருத்தம் என்று பெயர் வைக்கவில்லை, வாசிப்பு என்று வைத்தார்கள்.

எனக்கு இது இன்றுவரை உறுத்துகிறது. முடிவு சரி என்று நினைக்கிறேன், வந்த வழி சரியில்லை.

சட்டப்புலி | ஜூன் 5, இரவு 11.02

அப்போ நானும் நாளைக்கு எனக்குப் பிடிக்காத தீர்ப்பை எல்லாம் டைப்பிங் மிஸ்டேக்குனு சொல்லிடவா?

பழைய டைப்பிஸ்ட் | ஜூன் 6, காலை 5.40

எல்லாப் பழியும் கடைசியில் டைப்பிஸ்ட் மேல்தான் வரும் என்று எனக்கு முன்னாலேயே தெரியும்.

முல்லை | ஜூன் 6, இரவு 8.15

மாதிரி நீதிமன்றப் போட்டியான மூட்டுக்காகக் கேசோராமையும் இந்தியா சிமென்ட்டையும் இறக்கிப் படித்தேன். ஒரு கேள்வி. பிழையா இல்லையா என்பதை விடுங்கள். பிழை இல்லை, ஏழு பேரும் நினைத்தே எழுதினார்கள் என்றே வைப்போம். அப்போதும் அந்த வாக்கியம் ரேஷியோதானா? எங்கள் வகுப்பில் வாம்போ சோதனை சொல்லித்தந்தார்கள். வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பார்; முடிவு மாறினால் ரேஷியோ, மாறாவிட்டால் ஓபிட்டர். 2018இல் குஜராத் மாநிலம் எதிர் யுடிலிட்டி யூசர்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதை எடுத்துப் பேசியிருக்கிறது.

"ராயல்டி வரி அல்ல" என்று மாற்றினேன். செஸ் அப்போதும் விழத்தானே செய்யும்? அது ராயல்டியை வைத்துக் கணக்கிட்டது, நிலத்தை வைத்து அல்ல. அப்படியானால் ஓபிட்டர்?

கறுப்புக் கோட்டு | ஜூன் 7, காலை 7.20

நல்ல வேலை. ஆனால் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். தமிழ்நாடு அரசு அன்றைக்கு எதையெல்லாம் பிடித்துக்கொண்டு நின்றது என்று பாருங்கள், எல்லாம் அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலில் உள்ள பதிவுகள்.

முதலில் 45ஆவது பதிவு, நிலவரி. ராயல்டி நிலவரி அல்ல என்று கோர்ட் சொன்னது. ராயல்டி வரியா இல்லையா என்பது இங்கே தேவையே இல்லை. அப்புறம் 49, நிலம் கட்டிடம் மீதான வரி. எடுத்த கனிமத்தின் அளவைப் பொறுத்து ஏறி இறங்குவது நிலத்தின் மீதான நேரடி வரி ஆகாது என்றது. இங்கேயும் தேவையில்லை. இதுவரை நீங்கள் சொன்னது சரி.

மூன்றாவது 50, கனிம உரிமை மீதான வரி. இது மாநிலத்துக்கு உண்டு, ஆனால் கனிம வளர்ச்சி தொடர்பாக நாடாளுமன்றம் சட்டத்தால் போடும் வரம்புக்கு உட்பட்டது. 1957ஆம் வருட மத்தியச் சட்டத்தின் 9ஆவது பிரிவு ராயல்டியை நிர்ணயிக்கிறது. ராயல்டி வரி என்றால், அந்த இடத்தில் நாடாளுமன்றமே வரி போட்டு உட்கார்ந்துவிட்டது, மாநிலத்துக்கு இடமில்லை. ராயல்டி வரி அல்ல, வெறும் விலை என்றால்? விலையை நிர்ணயித்த பிரிவு வரிக்கு எப்படி வரம்பாகும்? 50ஆவது பதிவின்கீழ் செஸ் பிழைத்துவிடலாம்!

மாநிலத்துக்கு ஒரு கால் ஊன்ற இடம் கிடைத்தால் போதும். கம்பெனி ஜெயிக்க மூன்றும் உடைய வேண்டும். மூன்றாவதை உடைத்தது அந்த வாக்கியம். எதிர்மறையாக்கினால் முடிவு மாறக்கூடும். என் கணக்கில் ரேஷியோ.

முல்லை | ஜூன் 7, மாலை 6.45

சார், அப்படியே ஏற்க முடியவில்லை. டைப்பிஸ்ட் ஐயா சொன்ன மாதிரி வாசித்தால்? "ராயல்டி மீதான செஸ் ஒரு வரி, ராயல்டி மீது போட்ட வரி." ராயல்டி மீதான வரி கனிம உரிமை மீதான வரியே அல்ல, 50க்குள்ளேயே வராது, பட்டியலில் அப்படி ஒரு பதிவே இல்லை. மூன்றாவது காலும் போயிற்று, "ராயல்டி ஒரு வரி" இல்லாமலே. வாக்கியத்தின் பின்பாதி மட்டும் போதும். முன்பாதியை வெட்டினாலும் கம்பெனி ஜெயிக்கும்.

கறுப்புக் கோட்டு | ஜூன் 7, இரவு 9.50

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அதே வாக்கியத்தில் "ஏனென்றால் 9ஆவது பிரிவு அந்த இடத்தை நிரப்பிவிட்டது" என்று ஒரு காரணம் வருகிறது. அது முன்பாதியோடு சேர்ந்தால்தான் நிற்கும் என்பது என் வாசிப்பு. செஸ் எந்தப் பதிவிலும் வரவில்லை என்றால் 9ஆவது பிரிவை இழுக்கவே வேண்டியதில்லையே. ஆனால் உங்கள் வாசிப்பையும் நீதிபதி முன் கூசாமல் சொல்லலாம்.

வாம்போ சோதனையின் இடைஞ்சல் இதுதான். எதிர்மறையாக்க முதலில் வாக்கியத்தை ஒரு வடிவில் எழுதிக்கொள்ள வேண்டும். அதை எழுதுவது பிறகு வருகிறவன். எந்த அகலத்தில் எழுதுகிறான் என்பதிலேயே பாதி விடை போய்விடுகிறது. தீர்ப்பில் இரண்டு தனித்தனிக் காரணம் இருந்தால் நிலைமை இன்னும் மோசம். ஒன்றை எடுத்தாலும் மற்றது தாங்கும், ஆகவே சோதனைப்படி இரண்டுமே ஓபிட்டர், ரேஷியோவே இல்லாத தீர்ப்பு! இங்கிலாந்தில் பிரபுக்கள் சபை 1950இல் ஜேக்கப்ஸ் வழக்கில் இதைச் சமாளித்தது: நீதிபதி இரண்டு காரணம் சொன்னால் இரண்டும் கட்டும், ஒன்றை வேண்டாத பேச்சு என்று தள்ளாதே என்றது.

சட்டப்புலி | ஜூன் 8, மதியம் 12.30

ஒத்துக்க மாட்டேன். 2024இல் ஒன்பது பேர் உட்கார வேண்டி வந்ததே ஏன்? ரேஷியோவா இருந்ததாலதான். வெறும் ஓபிட்டர்னா ஐந்து பேரே முடிச்சிருப்பாங்க.

கறுப்புக் கோட்டு | ஜூன் 8, இரவு 7.05

இந்த முறை புலி நல்ல இடத்தில் கடித்திருக்கிறார். கொஞ்சம் மாற்றிச் சொன்னால் நானும் கையெழுத்துப் போடுவேன். ஏழு பேர் சொன்னதற்கும் ஐந்து பேர் வாசித்ததற்கும் நடுவே முரண் தெரிந்ததால் 30 மார்ச் 2011 அன்று ஒன்பது பேருக்கு அனுப்பப்பட்டது. விசாரணைக்கு வர 2024 ஆனது. அதுவரை சின்ன பெஞ்சுகளும் உயர் நீதிமன்றங்களும் எதைப் பின்பற்றுவது என்று தவித்தன. எண்ணிக்கையைப் பார்த்தால் ஏழு, தேதியைப் பார்த்தால் 2004. ஐந்து பேர் ஏழு பேரை இப்படி வாசித்தார்கள் என்றால் அந்த வாசிப்பு நம்மைக் கட்டுமா? கட்டும் என்றால் ஐந்து பேர் ஏழு பேரை மாற்றிவிட்டார்கள் என்றுதானே ஆகிறது?

ஒன்பது பேர் ஓபிட்டர், எழுத்துப் பிழை என்று சுற்றி வரவேண்டிய நிலையில் இல்லை. ராயல்டி வரி என்றது தவறு, தள்ளுகிறோம் என்று நேரடியாகச் சொல்ல முடிந்தது. 9ஆவது பிரிவு 50ஆவது பதிவுக்கு வரம்பு அல்ல என்றார்கள். 49ஆவது பதிவின்கீழ் கனிம நிலத்துக்கு வரி போடலாம், ராயல்டியைக் கூட அளவுகோலாக வைக்கலாம் என்றார்கள். நான் மேலே காட்டிய மூன்று கால்களில் இரண்டு அரசுக்குத் திரும்பிவிட்டன. நாகரத்னா மட்டும் ராயல்டி வரிதான் என்று மறுத்து எழுதினார். அவர் எழுதியதையும் படியுங்கள் முல்லை, மூட்டுக்கு எதிர்வாதம் அங்கே தயாராக இருக்கிறது.

குவாரி செல்வம் | ஜூன் 8, இரவு 8.20

பழைய பாக்கியையும் கேட்பார்களா? 1989இல் இருந்து என்று யாரோ பயமுறுத்துகிறார்கள்.

கறுப்புக் கோட்டு | ஜூன் 8, இரவு 8.44

இல்லை. 14 ஆகஸ்ட் 2024 உத்தரவில் 1 ஏப்ரல் 2005க்கு முந்தைய காலத்துக்குக் கேட்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதற்குப் பிந்தியதை 1 ஏப்ரல் 2026இல் தொடங்கி 12 வருடத்தில் தவணையாக வாங்கலாம், தீர்ப்பு நாளுக்கு முந்தைய காலத்துக்கு வட்டியும் அபராதமும் கிடையாது. அதுவும் அந்தக் காலத்தில் மாநிலத்தில் அப்படி ஒரு வரிச் சட்டம் இருந்திருந்தால்தான். நம்ம ஊர் கனிம நில வரி இந்த ஏப்ரலில் வந்தது. உங்கள் நோட்டீஸ் சீனியரேஜ், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை முதலில் பாருங்கள்.

முல்லை | ஜூன் 9, இரவு 10.10

மூட்டில் நான் கம்பெனி தரப்பு. நாகரத்னா மறுப்பில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஆனால் சிறுபான்மைத் தீர்ப்பு ஓபிட்டர் கூட இல்லையே, அதை நீதிபதி முன்னால் என்ன பெயர் சொல்லி நீட்டுவது?

சட்டப்புலி | ஜூன் 9, இரவு 10.25

டைப்பிங் மிஸ்டேக்னு சொல்லி நீட்டுங்க.

கறுப்புக் கோட்டு | ஜூன் 9, இரவு 11.00

வாதமாகவே நீட்டுங்கள், அதிகாரமாக நீட்டாதீர்கள். "இந்தத் தர்க்கத்தை நான் ஏற்று முன்வைக்கிறேன்" என்று சொன்னால் யாரும் தடுக்க மாட்டார்கள். ஒன்பது பேரின் முடிவு உங்களைக் கட்டுகிறது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, உங்கள் மூட்டில் உள்ள வரி அந்த ஒன்பது பேர் முன்னால் இருந்த வரி மாதிரி இல்லை என்று எங்கே காட்ட முடியும் என்று தேடுங்கள். பிரச்சினைத் தாளில் வரி நிலத்தின் மீதா, வெட்டி எடுத்த டன் மீதா? அதைச் சொல்லாமல் விட்டீர்களே.

முல்லை | ஜூன் 9, இரவு 11.12

டன் மீது.

கறுப்புக் கோட்டு | ஜூன் 9, இரவு 11.20

அப்படியானால் அளவுகோல் பற்றி ஒன்பது பேர் சொன்ன பகுதியை வரி வரியாகப் படியுங்கள். அது எந்தக் கேள்விக்குப் பதிலாகச் சொல்லப்பட்டது என்று பாருங்கள். ராயல்டியையோ கனிமத்தின் மதிப்பையோ அளவாக வைப்பதற்குச் சொன்னது, எடைக்கும் அப்படியே பொருந்துமா என்று எதிர்த்தரப்பிடம் கேளுங்கள். பொருந்தும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனாலும் கேளுங்கள்.

பழைய டைப்பிஸ்ட் | ஜூன் 10, காலை 5.50

மூட்டுக்கான எழுத்து வாதத்தை, அந்த மெமோரியலை, டைப் அடித்த பிறகு ஒருமுறை சத்தமாக வாசித்துப் பாருங்கள் பாப்பா. கண் தாவினாலும் வாய் தாவாது.